40 பேருக்கு இட்லியும் தோசையும்: ஒரே மாவா, இரண்டு மாவா?

காலையில் 40 பேருக்கு இட்லி, இரவு அதே கூட்டத்துக்குத் தோசை. ஆளுக்கு நாலு இட்லி என்றால் 160 இட்லி. தோசை சிலருக்கு இரண்டு, சிலருக்கு மூன்று என்று எப்படியும் 100 ஆகிவிடும். இதற்கு இரண்டு வழி இருக்கிறது. வீட்டில் வழக்கமாக அரைக்கும் மாவையே பெரிய அளவில் ஒரே தடவையாக அரைத்து இரண்டு வேளைக்கும் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இட்லிக்கு ஒன்று, தோசைக்கு ஒன்று என்று தனித்தனியாக அரைக்கலாம். இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன்.

முதலில் அளவு. 1 கிலோ இட்லி அரிசிக்கு 250 கிராம் முழு உளுந்து, அதாவது நாலுக்கு ஒன்று. கிரைண்டரில் அரைத்தால் ஏறக்குறைய 2.8 கிலோ மாவு கிடைக்கும். இட்லிக்குச் சுமார் 50 கிராம், தோசைக்கு 75 கிராம் மாவு என்று வைத்தால், ஒரு கிலோ அரிசியில் 55 இட்லியோ 37 தோசையோ வரும். குழியும் கரண்டியும் வீட்டுக்கு வீடு மாறும் என்பதால், உங்கள் தட்டில் ஓர் ஈடு ஊற்றி, எவ்வளவு மாவு போனது என்று ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள்.

ஒரே மாவு என்றால் 5.5 கிலோ அரிசி, 1.4 கிலோ உளுந்து. ஊறவைப்பதும் அரைப்பதும் ஒரே நாளில் முடிந்துவிடும் என்பதுதான் இதன் பெரிய வசதி. நானும் முதலில் இதைத்தான் செய்தேன். அத்தனையையும் அரைத்து, ஒரு பெரிய அண்டாவில் கொட்டி, உப்புப் போட்டுக் கரைத்து மூடி வைத்தேன். காலையில் மாவு அழகாகப் பொங்கியிருந்தது. முதல் மூன்று ஈடு இட்லி பூப்போல வந்தது. நாலாவது ஈட்டிலிருந்து தட்டையாக வர ஆரம்பித்தது. இரவுத் தோசை நன்றாகப் புளித்துவிட்டது. பிள்ளைகள் ஒன்றோடு எழுந்துவிட்டார்கள்.

இதில் விகிதம் தப்பாகவில்லை. 160 இட்லிக்கு, 30 குழி உள்ள பாத்திரத்தில் ஆறு ஈடு எடுக்க வேண்டும். வேகவைத்து, எடுத்து, மறுபடி ஊற்ற ஈட்டுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகமொத்தம் ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு முறை கரண்டி உள்ளே போகும்போதும் மாவில் தங்கிய காற்று கொஞ்சம் வெளியேறுகிறது. ஒரே பாத்திரத்தில் இருந்தால் கடைசி ஈட்டுக்கு வருவது பல முறை கலைந்த மாவு. இரவுக்கு வைத்த பாதியின் சிக்கல் வேறு. ஏழெட்டு கிலோ மாவை ஒரே பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்தால் ஓரம்தான் முதலில் குளிரும். நடுவில் உள்ள மாவு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருந்து புளித்துக்கொண்டே போகும். ஒரே மாவுதான் வசதி என்றால், தோசைக்கான பங்கை இரண்டிரண்டு லிட்டராக அகலமான பாத்திரங்களில் பிரித்து, பொங்கியதும் உடனே குளிரில் வைத்துவிடுங்கள். அத்தனை பாத்திரத்துக்கு ஃபிரிட்ஜில் இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு மாவு என்றால் இட்லிக்கு 3 கிலோ இட்லி அரிசி, 750 கிராம் உளுந்து. தோசைக்கு 2 கிலோ இட்லி அரிசி, முக்கால் கிலோ பச்சரிசி, 550 கிராம் உளுந்து. அதாவது தோசையில் ஐந்துக்கு ஒன்று. கிலோ அரிசிக்கு ஒரு தேக்கரண்டி வெந்தயமும் சேர்த்து ஊறவைத்தால் தோசை நன்றாகச் சிவக்கும். உளுந்து கூடினால் தோசை மெத்தென்று வளையும், முறுகாது. இட்லியிலோ உளுந்து குறைந்தால், சூடாக இருக்கும்போது தெரியாது, ஆறியதும் கெட்டியாகிவிடும். கூட்டத்தில் இட்லி ஹாட்பாக்ஸில் ஒரு மணி நேரமாவது காத்திருக்கும் என்பதால், நாலுக்கு ஒன்றிலிருந்து இறங்க வேண்டாம். மூன்றுக்கு ஒன்றாகக் கூட்டினால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அமுங்கி ஒட்டிக்கொள்ளும். மிக்ஸியில் அரைக்கிறவர்களுக்கு மட்டும் மூன்றுக்கு ஒன்று சரி, ஏனென்றால் அதில் உளுந்து அவ்வளவாகப் பொங்காது.

எனக்குத் தனி மாவு பிடிக்கக் காரணம் விகிதத்தை விட அரைக்கும் பதம்தான். இட்லிக்கு அரிசி சன்ன ரவை மாதிரி விரலில் நெருட வேண்டும். தோசைக்கு அதைவிட நைசாக ஓட வேண்டும். ஒரே மாவில் இரண்டுக்கும் நடுவில் ஒரு பதத்தில் நிற்கிறோம். வீட்டில் நாலு பேருக்கு அது போதும். தோசையை மெல்லிசாக இழுக்கும்போதுதான் அந்த நெருடல் தெரியும், கல்லில் ஓட்டை விழும்.

அளவைப் பெருக்கும்போது நான் இப்போது செய்வது, மூன்று கிலோவை மொத்தமாக நினைக்காமல் ஒரு கிலோ கணக்கை மூன்று தடவை செய்வதுதான். 2 லிட்டர் கிரைண்டரில் 250 கிராம் உளுந்து தாராளமாகப் பொங்கும். இரண்டு பங்கு போட்டால் மேலே வழியும் என்று பயந்து, தண்ணீரையும் நேரத்தையும் குறைத்துப் பாதியில் எடுத்துவிடுவோம். பிறகு இட்லி கல்லானால் அடுத்த முறை உளுந்தைக் கூட்டத் தோன்றும். என் அத்தை இதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: “உளுந்தைக் கூட்டாதேம்மா, நல்லா ஓட விடு.” குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் ஓட விட்டு, ஒரு துளியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் எடுக்கலாம். மூழ்கினால் இன்னும் ஓடட்டும்.

அந்த உளுந்தோடு அதற்கான ஒரு கிலோ அரிசியை அரைத்து, 25 கிராம் கல் உப்புப் போட்டு, கையால் கரைத்து, தனிப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றி வைக்கிறேன். மூன்று பங்குக்கு மூன்று பாத்திரம். ஒன்றை அரைத்து முடித்து அடுத்ததற்குப் போக ஒரு மணி நேரம் ஆவதால், அவை பொங்கி நிற்பதும் அதே வரிசையில்தான் இருக்கும். காலையில் முதல் பாத்திரத்தில் இரண்டு ஈடு, பிறகு அடுத்தது. ஆறாவது ஈட்டுக்கும் கலையாத மாவு கிடைக்கிறது.

தோசை மாவுக்கு அரிசியை முந்தைய இரவே வெந்தயத்தோடு ஊறவைத்துவிடுவேன். உளுந்து மட்டும் காலை ஆறு மணிக்கு. இட்லி வேகும்போதே கிரைண்டர் ஓட ஆரம்பித்துப் பத்தரைக்குள் முடிந்துவிடும். பகல் சூட்டில் ஏழெட்டு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும், ஃபிரிட்ஜ் பக்கமே போக வேண்டாம். குளிர் காலத்தில் மட்டும் இந்த நேரம் போதாது. அப்போது தோசை மாவையும் முந்தைய இரவே அரைத்து, பொங்கியபின் சின்னப் பாத்திரங்களில் குளிரில் வைத்துவிடுகிறேன்.

20 பேர் வரைக்கும், அதுவும் இட்லியும் தோசையும் ஒரே வேளையில் என்றால், நான் ஒரே மாவுதான் அரைப்பேன். ஒரு கிலோ பாத்திரங்கள் இரண்டு, அதில் ஒன்று இட்லிக்கு. மற்றதில் தண்ணீர் விட்டுக் கரைக்கும்போது இரண்டு கைப்பிடி அரிசி மாவு சேர்த்தால் தோசை ஓரளவு முறுகும். இட்லிக்கான பாத்திரத்தில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது.