ரெஸ்யூமே, நவுக்ரி, லிங்க்ட்இன்: ஒரே எழுத்தை ஒட்டுவதா, இடத்துக்கேற்ப எழுதுவதா?

வேலை மாறலாம் என்று முடிவெடுத்ததும் ரெஸ்யூமே, நவுக்ரி, லிங்க்ட்இன் மூன்றையும் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதற்கு வழி இரண்டு. ரெஸ்யூமேயில் இருப்பதை அப்படியே மற்ற இரண்டிலும் ஒட்டிவிடலாம். அல்லது தேதி, பதவி, எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அதைப் பார்த்து ஒவ்வொரு இடத்துக்கும் தனியாக எழுதலாம். கடைசியாக வேலை மாறியபோது நான் இரண்டாவது வழியைத்தான் எடுத்தேன். இன்றும் அதன் பக்கம்தான் இருக்கிறேன்.

ஒட்டும் வழியில் வேலை சீக்கிரம் முடியும், அன்றைக்கு மூன்றும் ஒத்துப்போகும். ஆனால் படிப்பவர்கள் ஒரே மாதிரி படிப்பதில்லை. நவுக்ரியில் ரெக்ரூட்டர் திறன், அனுபவ வருடம், நோட்டீஸ் பீரியட் என்று வடிகட்டித் தேடுகிறார். லிங்க்ட்இனில் உங்கள் பெயரைத் தட்டி உள்ளே வருபவர் நீங்கள் என்ன செய்பவர் என்று நிதானமாகப் படிக்கிறார். ரெஸ்யூமேயின் புள்ளிப் பட்டியல் அங்கே வறண்டு கிடக்கும்.

டெஸ்டிங் வேலையில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தாளில் உள்ள குறிப்பு இது: ஆறு பேர் டீம், ரிக்ரஷன் ஓட இரண்டு நாள் ஆனது, ஆட்டோமேஷனுக்குப் பிறகு ஐந்து மணி நேரம், மொத்தம் 1,100 டெஸ்ட் கேஸ், அதில் 400 இவர் எழுதியது. ரெஸ்யூமேயில் இது எண்களோடு ஒரே வரியாகப் போகும். நவுக்ரி தலைப்பில் ‘ஆட்டோமேஷன் டெஸ்டர், செலினியம், ஜாவா, வங்கித்துறை’ என்று தேடுபவர் தட்டும் சொற்களாக நிற்கும். லிங்க்ட்இனில், ‘ரிலீஸுக்கு முன் இரண்டு நாள் காத்திருந்த எங்கள் ஆறு பேர் டீம் அதை ஐந்து மணி நேரமாகக் குறைத்தது, அதில் 400 கேஸ் நான் எழுதியது’ என்று பேசும் தொனியில் வரலாம்.

பிசகு நடப்பது வினைச்சொல்லில். லிங்க்ட்இன் நடைக்கு மாற்றும்போது ‘எழுதினேன்’ என்பது ‘வழிநடத்தினேன்’ ஆகிவிடும். கை தானாகவே அப்படிப் போகும். இன்டர்வியூவில் ‘உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?’ என்று கேட்டால் பதில் இருக்காது. அதனால் தாளில் எண்ணோடு வினைச்சொல்லையும் எழுதி வைக்கிறேன். நடை மாறலாம், அந்த வினைச்சொல் மாறக்கூடாது.

கம்பெனி பெயரும் அப்படித்தான். நம் டெஸ்டர் ஒரு ஒப்பந்தக் கம்பெனியின் பேரோலில் இருந்துகொண்டு வங்கி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் என்று வையுங்கள். லிங்க்ட்இனில் வங்கியின் லோகோவோடு போட ஆசை வரும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் ரிலீவிங் லெட்டரும் பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியும் பேரோல் கம்பெனியின் பெயரைத்தான் காட்டும். கம்பெனி கட்டத்தில் பேரோல் பெயர், விவரத்தில் ‘கிளையன்ட்: ஒரு தனியார் வங்கி’, மூன்று இடத்திலும் இதே மாதிரி. சேர்ந்த, விலகிய மாதங்களையும் அந்த லெட்டரைப் பார்த்தே எழுத வேண்டும். 2021–2022, 2022–2024 என்று வருடம் மட்டும் போட்டால் நடுவில் ஐந்து மாத இடைவெளி இருந்தாலும் மறைந்துவிடும், பி.எஃப். கணக்கில் மறையாது.

என்னை இந்தப் பக்கம் சாய்த்த முக்கியக் காரணம் பராமரிப்பு. வேலையில் சேர்ந்ததும் எல்லோரும் முதலில் மாற்றுவது லிங்க்ட்இன். வாழ்த்து வரும், சந்தோஷம். நவுக்ரி பழைய கம்பெனியிலேயே நிற்கும், அதில் ஏற்றிய ரெஸ்யூமே இன்னும் பழையது. ஒட்டி வைத்தவருக்கு அடுத்த முறை எது சரியான பிரதி என்றே தெரியாது. மூன்றையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட வேண்டும். தாள் வைத்திருப்பவர் தாளை முதலில் திருத்துகிறார், பிறகு அதிலிருந்து மூன்றுக்கும் போகிறார். பதவி உயர்வு என்றால் மாற வேண்டியது பதவி, மாதம், சம்பளம் மட்டுமே. ராஜினாமா கொடுத்த அன்று நவுக்ரியில் நோட்டீஸ் பீரியடும் கடைசி வேலை நாளும். ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே அது எங்கெங்கே இருக்கிறது என்று ந, லி, ரெ என எழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். மாற்றியதும் அதன்மேல் ஒரு டிக்.

ரெக்ரூட்டர் ஏற்கெனவே இறக்கி வைத்துக்கொண்ட பழைய ரெஸ்யூமேயை இந்த வழியாலும் திரும்ப வாங்க முடியாது. கோப்பின் பெயரில் மாதமும் வருடமும் இருந்தால், ‘அது மார்ச் பிரதி, புதியதை அனுப்புகிறேன்’ என்று போனில் சொல்லிவிடலாம்.

நான் பார்த்ததெல்லாம் ஐ.டி. வேலை தேடல். விற்பனை, டிசைன் துறைகளில் லிங்க்ட்இன் நடைக்கு இன்னும் அதிக இடம் கொடுக்க வேண்டியிருக்கலாம். கல்லூரி முடித்து முதல் வேலை தேடுபவருக்கோ எழுத ஒரே ஒரு புராஜெக்ட்தான் இருக்கும்; அவர் இப்போதைக்கு ஒட்டிவிட்டே விண்ணப்பிக்கலாம்.