ஊறுகாய் இல்லாத 25 பார்சல்: 1915-ஆ, மாவட்ட ஆணையமா?

நுகர்வோர் உரிமை பற்றி ஊர்க்கூட்டத்தில் பேசப் போகிறவர்கள் சட்டப் பிரிவுகளை அடுக்கித் தொடங்க வேண்டாம். விழுப்புரம் ஊறுகாய் வழக்கைச் சொல்லித் தொடங்குங்கள். 2022 நவம்பரில் ஒருவர் உணவகம் ஒன்றில் 80 ரூபாய் சாப்பாடு 25 பார்சல் வாங்கினார். எதிலும் ஊறுகாய் இல்லை. அதற்குரிய 25 ரூபாயைக் கேட்டார், கிடைக்கவில்லை. 2024 ஜூலையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் அந்த 25 ரூபாயோடு, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்குமாக 35,000 ரூபாய் தரச் சொன்னது.

இதைச் சொன்னதும், “நீங்களாக இருந்தால் எங்கே போயிருப்பீர்கள்?” என்று கேளுங்கள். பலர் 1915 என்பார்கள். அந்தத் தேசிய உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், செலவில்லை. புகாரை அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெரிய ஆன்லைன் கடைகள் பல அவர்களோடு இணைந்திருப்பதால், வராத பொருளுக்குப் பணம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் அங்கேதான் போகச் சொல்வேன். ஆனால் அவர்களால் உத்தரவு போட முடியாது. உள்ளூர் உணவகம் அசையாமல் இருந்தால் புகார் அங்கேயே நின்றுவிடும். அசைந்தாலும் அந்த 25 ரூபாய்தான் வந்திருக்கும்.

இழப்பீடு வேண்டுமென்றால் ஆணையம்தான். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கடை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இ-ஜாக்ருதி என்ற அரசு இணையதளம் வழியாகவும் போடலாம். உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. குறை, காலதாமதம். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். ஊறுகாய் வழக்கில் வாங்கிய நாளிலிருந்து தீர்ப்பு வர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. இதைக் கூட்டத்தில் மறைக்கக் கூடாது.

உரையில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம், இரண்டு வழியும் உரசிக்கொள்ளும் இடம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். 1915-இல் பதிலுக்காகக் காத்திருக்கும் மாதங்களும் அந்தக் கணக்கில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. ஓரிரு மாதத்தில் முடியாவிட்டால் புகார் எண்ணையும் வந்த பதிலையும் எடுத்துக்கொண்டு ஆணையத்துக்குப் போய்விடச் சொல்லுங்கள்.

வங்கிப் புகார் வந்தால் வழி வேறு: முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்.

கடைசிக் கால் மணி நேரத்தை ரசீதுக்கு ஒதுக்குங்கள். பொழிச்சலூர் தபால் நிலையத்தில் 29.50 ரூபாய்க்கு 30 வாங்கிக்கொண்டு 50 காசைத் திருப்பித் தராத வழக்கிலும் 15,000 ரூபாய் தரும்படி காஞ்சிபுரம் ஆணையம் உத்தரவிட்டது. ரசீதில் 29.50 என்று இருந்ததால் எவ்வளவு கூடுதலாக வாங்கினார்கள் என்று காட்டுவது சுலபம். வந்தவர்களிடம் தங்கள் ரசீது ஒன்றை எடுக்கச் சொல்லி, வாங்கிய தேதி, கொடுத்த தொகை, என்ன குறை, கடைக்காரர் சொன்ன பதில், இப்போது என்ன வேண்டும் என்று அரைப் பக்கம் அங்கேயே எழுதவையுங்கள். 1915-க்கும் ஆணைய மனுவுக்கும் அந்த அரைப் பக்கம்தான் அடிப்படை.