இரண்டு அளவீடுகளைக் கொண்டு மலையுச்சியின் காற்றழுத்தத்தைக் கணித்தல்: நான்காண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மலையேறும்போது கையடக்கக் காற்றழுத்தமானி ஒன்றை எடுத்துச் செல்லும் வழக்கம் எனக்கு நான்கு ஆண்டுகளாக உண்டு. அடிவாரத்தில் ஒன்றும் பாதி வழியில் ஒன்றுமாக இரண்டு அளவீடுகளை எடுத்து, உச்சியில் அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே குறித்துவைத்து, மேலே போனதும் ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

ஒரு நாளின் குறிப்பை அப்படியே தருகிறேன். 400 மீட்டர் உயரத்தில் 968 ஹெக்டோபாஸ்கல். 1400 மீட்டரில் 861. உச்சியின் உயரம் 2600 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு 107 குறைந்திருக்கிறது, ஆகவே மீதமுள்ள 1200 மீட்டருக்கு 128 குறையும், உச்சியில் 733 இருக்கும் என்றுதான் முதலில் கணக்குப் போடத் தோன்றும். அது தவறு. ஓரிடத்தின் அழுத்தம் என்பது அதற்கு மேலே உள்ள காற்றின் எடை. மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைவதால், ஒவ்வொரு மீட்டருக்கும் நாம் கீழே விட்டுச்செல்லும் எடையும் அதே விகிதத்தில் குறைகிறது. எனவே சம உயரத்துக்குச் சம அளவு கழிவதில்லை. சம உயரத்துக்கு அழுத்தம் ஒரே விகிதத்தால் பெருக்கப்பட்டுக் குறைகிறது. இதுவே அடுக்குக்குறிச் சிதைவு.

இங்கே அந்த விகிதம் 861 / 968, அதாவது 0.8895. அடுத்த ஆயிரம் மீட்டரில் 861 என்பது 766 ஆகும். குறைவது 107 அல்ல, 95. உச்சிக்கு 1.2 ஆயிரம் மீட்டர் என்பதால், விகிதத்தை 1.2 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் போதும். நான் பயன்படுத்தும் வடிவம் இது; h உயரம், p அழுத்தம், 1, 2, 3 என்பவை முறையே அடிவாரம், பாதி வழி, உச்சி:

```
H  = (h2 - h1) / ln(p1 / p2)
p3 = p2 * exp(-(h3 - h2) / H)
```

H எனக்கு 8537 மீட்டர் என்று வந்தது; அழுத்தம் ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறைவதற்கு ஏற வேண்டிய உயரம் அது. உச்சிக்கான மதிப்பீடு 748. அங்கே கருவி காட்டியது 745.8. நேர்கோட்டுக் கணக்கின் பிழை 13. அடுக்குக்குறிக் கணக்கின் பிழை இரண்டரைக்கும் குறைவு, உயரமாகச் சொன்னால் இருபத்தைந்து மீட்டர் அளவு.

கருவி எப்போதும் ஒரே அளவு கூட்டியோ குறைத்தோ காட்டினால் அவ்வளவாகக் கேடில்லை, ஏனெனில் கணக்கில் விகிதமே நுழைகிறது. இரண்டு அளவீடுகளுக்கும் இடையே ஏற்படும் மாற்றம்தான் கெடுதல். இன்னொரு முறை, காலை பத்து மணியளவில் அடிவாரத்தில் அளந்துவிட்டு, வழியில் நெடுநேரம் தங்கி, பிற்பகல் நான்கு மணிக்கு 1400 மீட்டரில் அளந்தேன். வெப்பமண்டலப் பகுதிகளில் காற்றழுத்தம் நாள்தோறும் பத்து மணி வாக்கில் உச்சத்தையும் நான்கு மணி வாக்கில் தாழ்வையும் தொடும். அன்று வானிலையும் மாறிக்கொண்டிருந்தது. விளைவாக, 861-க்குப் பதில் 858 கிடைத்தது; H 8290 ஆகச் சுருங்கிவிட்டது.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது, நான்காண்டில் நான் கற்றவற்றுள் மிகப் பயனுள்ளது அதுதான். H காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது, அதை 29.27 ஆல் வகுத்தால் இரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட காற்றின் சராசரி வெப்பநிலை கெல்வினில் கிடைக்கும். 8537 தருவது ஏறத்தாழ 18.5 டிகிரி செல்சியஸ். அன்று நிழலில் உணர்ந்த வெப்பத்தோடு அது பொருந்தியது. 8290 தருவதோ 10 டிகிரி. வியர்த்து நடந்த நாளில் அப்படி இருக்க வழியில்லை. எண் நம்பும்படி இல்லையென்றால் அளவீட்டைத் தூக்கியெறிந்துவிடலாம். தொடக்க நாள்களில் கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தத்தைக் காட்டும் அமைப்பில் கருவியை வைத்துவிட்டு, எவ்வளவு ஏறியும் 1013-ஐ ஒட்டியே நிற்கிறதே என்று குழம்பியதும் உண்டு.

இரண்டு இடங்களுக்கும் இடையே உயர வேறுபாடு கணிசமாக இருக்க வேண்டும். நூறு மீட்டருக்கு அழுத்தம் பதினொன்று அளவுதான் குறையும் என்பதால், அளவீட்டில் ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் H ஒன்பது விழுக்காடு பிசகும். ஆயிரம் மீட்டர் இருந்தால் அதே பிசகு ஒரு விழுக்காட்டில் அடங்கும்.

எஞ்சிய இரண்டரைப் பிழைக்குக் காரணம், மேலே காற்று குளிர்வதை மாறாத H கணக்கில் கொள்ளாததே. சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி குளிரும் என்று கொண்டால், H ஆயிரம் மீட்டருக்கு 190 குறைய வேண்டும். என் இரண்டு காற்றடுக்குகளின் நடுப்புள்ளிகள் 900, 2000 மீட்டர், இடைவெளி 1.1 ஆயிரம் என்பதால் 8537-லிருந்து 209 கழித்து 8328 என்று வைத்துக் கணக்கிட்டேன். 745.5 வந்தது. இந்தத் திருத்தத்தை இப்போது வழக்கமாகச் செய்கிறேன்; பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கி மேலே வெதுவெதுப்பாக இருக்கும் விடியற்காலைகளில் மட்டும் செய்வதில்லை, ஏனெனில் அப்போது கீழடுக்கு தரும் H ஏற்கெனவே குறைவாகவே இருக்கும்.