வெள்ளை யூனிபோமும் வெடித்த பற்சில்லும்

கோண்டாவிலில் வீட்டு விறாந்தையில் வைத்துத் தைக்கத் தொடங்கி 7 வருடமாகிறது. முதலில் வாங்கியது மேசையில் வைக்கிற ஸிக்ஸாக் மெஷின். இருபதுக்கு மேற்பட்ட தையல் வகை இருப்பதைப் பார்த்துத்தான் மயங்கினேன். உண்மையில் நான் பாவித்தது மூன்றே மூன்று: நேர்த்தையல், ஸிக்ஸாக், பட்டன் ஓட்டை.

சாரி பிளவுஸ், சுடிதார் தைக்கும்வரை ஒரு குறையுமில்லை. மூன்றாவது வருட மார்கழியில், பள்ளிக்கூட யூனிபோம் குவிந்திருந்த நேரம், பக்கத்து வீட்டுத் தம்பியின் ஜீன்ஸ் கால் மடிக்க எடுத்தேன். பக்கத்தையல் சந்திக்கிற தடிப்பில் ‘டக்’ என்று ஒரு சத்தம். ஊசி ஏறி இறங்குகிறது, தையல் விழவில்லை.

ஊசியை மாற்றி, நூலைத் திரும்பக் கோத்தேன். சரிவரவில்லை. அப்புறம் பொபின் மூடியைத் திறந்து, சில்லைக் கையால் மெதுவாக என் பக்கம் சுற்றிப் பார்த்தேன். ஊசி அடிவரை இறங்கி, 2 மில்லிமீற்றர் அளவு மேலெழும்பும்போது கொக்கியின் நுனி வந்து நூல் வளையத்தைப் பிடிக்க வேண்டும். இங்கே கொக்கி பிந்தி வந்தது, சில சுற்றுக்கு அசையவேயில்லை.

கொக்குவிலில் மெஷின் திருத்துகிற அண்ணை கழற்றிக் காட்டினார். உள்ளே நைலோன் பற்சில்லு வெடித்திருந்தது. “தங்கச்சி, இது இங்க கிடையாது, கொழும்பால எடுக்கவேணும்.” 18 நாள் போனது. ஏழு யூனிபோமைத் தெரிந்த மாமியிடம் கொடுத்துத் தைப்பித்தேன். அந்த ஏழு பிள்ளைகளில் நாலு பேர் திரும்பி வரவேயில்லை.

அதற்குப் பிறகு அந்தத் திருத்துகிற அண்ணையிடமே கேட்டு, பழைய கறுப்பு இரும்பு மெஷின் ஒன்றைக் கால்மேசையோடு வாங்கி மோட்டர் பூட்டினேன். கரன்ட் போனால் பெல்ட்டை மாற்றி மிதிக்கலாம். பொபின், பொபின் கேஸ், கொக்கி எல்லாம் டவுனில் கைக்கெட்டும் சாமான். அதற்காகக் குறையில்லை என்றில்லை. நேர்த்தையல் மட்டும்தான், தூக்கி வைக்க ஆள் வேண்டும். எண்ணெய் விட்டால் ஊசித்தண்டு வழியே கசிந்து வெள்ளைத் துணியில் பொட்டு விழும். ஆகவே இரவில் எண்ணெய் விட்டு, பாதத்தின் கீழ் கந்தைத்துணி ஒன்றை வைத்துவிடுவேன். காலையில் அதே துணியில் நாலு வரி ஓட்டிப் பார்த்த பிறகுதான் யூனிபோம் ஏறும்.

காமென்ட் தொழிற்சாலைகளில் பாவிக்கிற மெஷின் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வேகம் வேண்டுமென்றால் சரி. ஊசியே வேறு, இடமும் நிறைய வேண்டும். பிளவுஸ் தைக்கிற வீட்டுக்கு அது அதிகம்.

எதை வாங்கினாலும் கடைக்காரர் தருகிற பருத்தித் துண்டில் ஓட்டிப் பார்த்து நம்ப வேண்டாம். மெல்லிய பட்டு, யூனிபோம் துணி, நாலாக மடித்த ஜீன்ஸ் என்று நீங்களே கொண்டுபோங்கள். முக்கியமாக, காசு கட்டமுன் உங்கள் ஊரில் திருத்துகிறவரிடம் அந்த மொடலின் பேரைச் சொல்லி, பற்சில்லு எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேளுங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பழைய ஸிக்ஸாக் இன்னும் இருக்கிறது, பட்டன் ஓட்டைக்கும் ஓரம் அடிக்கவும். ஜீன்ஸ் மட்டும் அதில் ஏற்றுவதில்லை.