ஊர்ப் பெயரைப் பார்த்து நிலம் வாங்காதீர்கள்

வெளியூரில் இருந்துகொண்டு கிராமத்துப் பக்கம் இடம் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். 2019இல் 25 சென்ட் வாங்கி ஏமாந்தேன். பத்திரம் போலி இல்லை. பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் அசல். எனக்குக் காட்டிய இடம் வேறு, எழுதிக் கொடுத்த இடம் வேறு, அவ்வளவுதான். வழக்கு நடப்பதால் ஊர்ப் பெயர்களை மாற்றி எழுதுகிறேன்.

நல்லூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின் ரோட்டை ஒட்டிய ஊர். புரோக்கர் காட்டிய இடம் நல்லூர் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஐந்து நிமிட நடை. பக்கத்தில் நல்லூர் என்று போர்டு வைத்த பள்ளிக்கூடம். சுற்றியிருக்கிற வீடுகளில் யாரைக் கேட்டாலும் "நல்லூர்தான்" என்பார்கள். பட்டாவில் நல்லூர் கிராமம், சர்வே எண் 112/3 என்று இருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் "ஐயா, இது நூத்திப் பன்னெண்டா?" என்று நானே கேட்டேன். "ஆமா தம்பி, நூத்திப் பன்னெண்டுதான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுவும் 112தான்.

இரண்டு வருடம் கழித்து வேலி போட ஆள் கூட்டிப் போனேன். குழி தோண்ட ஆரம்பித்த அரை மணி நேரத்தில் ஓர் அம்மா ஓடி வந்தார். "யாருப்பா நீங்க, எங்க நிலத்துல கல்லு ஊணுறீங்க?" கையில் பட்டா. அதிலும் சர்வே எண் 112. ஆனால் கிராமம் என்ற இடத்தில் ஏரிப்பட்டி என்று இருந்தது. ஏரிப்பட்டி அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். அந்த அம்மாதான் ஏதோ குழப்பத்தில் இருக்கிறார் என்று நினைத்து, நல்லூர் வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன். அவர் கிராம வரைபடத்தை மேசையில் விரித்து, ஓர் ஓடையின் மேல் விரலை வைத்துக் காட்டினார். "எங்க கிராமம் இந்த ஓடையோட முடிஞ்சுது சார். நீங்க சொல்ற இடம் ஓடைக்கு மேற்கே. அது என் கணக்குலயே இல்ல."

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நாம் ஊர் என்று சொல்வது வீடுகள் இருக்கிற இடத்தை. வருவாய்த் துறை கிராமம் என்று சொல்வது ஒரு நிலப்பரப்பை. நிலவரி வசூலுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் நிலத்தை அளந்து, எல்லைக் கல் நட்டு, கிராமக் கணக்குப் பார்த்த ஒரு கர்ணத்தின் கணக்கில் அடங்குகிற அளவாகப் பிரித்து வைத்தது அது. வயல், புஞ்சை, ஏரி, புறம்போக்கு எல்லாம் சேர்ந்ததுதான் வருவாய் கிராமம். ஜனங்கள் குடியிருக்கிற இடம் அந்த வரைபடத்தில் நத்தம் என்று குறித்த ஒரு சின்னத் துண்டு மட்டும்தான். ஒரே கிராமத்துக்குள் ஐந்தாறு குக்கிராமங்கள் இருக்கலாம், அவற்றின் பெயர் பட்டாவில் வரவே வராது. ஒரு வீடுகூட இல்லாத வருவாய் கிராமமும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 6,40,000க்கு மேல் கிராமங்கள். அதில் 40,000க்கு மேல் ஆளே குடியில்லாதவை. கேட்டால் நம்ப முடியாது, ஆனால் நிலக் கணக்கில் அவையும் கிராமம்தான்.

கல் நட்டது நட்டபடி இருக்கிறது, ஜனம்தான் நகர்கிறது. நல்லூரின் பழைய நத்தம் ஓடைக்குக் கிழக்கே, கோயிலைச் சுற்றி இருக்கிறது. ரோடு வந்த பிறகு வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் ஓடையைத் தாண்டி ரோட்டோரமாக மேற்கே போய்விட்டன. அந்த மண் ஏரிப்பட்டி வருவாய் கிராமத்தைச் சேர்ந்தது. அங்கே குடியிருப்பவர்கள் பேச்சில் நல்லூர்க்காரர்கள், பட்டாவில் ஏரிப்பட்டிக்காரர்கள். ஓடையை அவர்கள் யாரும் எல்லையாக நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

ஒவ்வொரு வருவாய் கிராமத்திலும் சர்வே எண் 1இலிருந்துதான் தொடங்கும். அதனால் நல்லூரிலும் ஒரு 112 உண்டு, ஏரிப்பட்டியிலும் ஒரு 112 உண்டு. விற்றவருக்கு உண்மையாகவே நல்லூர் 112/3 சொந்தம். அது ஓடைக்குக் கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரைக்குப் பின்னால், பாதையே இல்லாத புஞ்சை. அதன் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏரிப்பட்டி 112ஐக் காட்டினார்கள். வில்லங்கத்தில் ஒன்றும் இல்லை என்று சந்தோஷப்பட்டேன். அந்தப் புஞ்சைக்கு வில்லங்கம் இல்லைதான்!

பதிவும் நடந்தது, பட்டாவும் என் பெயருக்கு மாறியது. இதில்தான் நான் அதிகம் ஏமாந்தேன், ஏனென்றால் பட்டா மாறினால் அரசாங்கமே இடத்தைப் பார்த்துவிட்டது என்று நினைத்திருந்தேன். 112/3 முழுவதையும் வாங்கியதால் உட்பிரிவு செய்ய வேண்டியதில்லை. உட்பிரிவு இருந்தால் சர்வேயர் வந்து அளந்திருப்பார், அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். முழு எண்ணாக விற்றால் காகிதத்திலேயே பெயர் மாறிவிடும், யாரும் நிலத்தில் கால் வைக்க மாட்டார்கள். தெரியாமலா முழு எண்ணாகக் கொடுத்தார்கள்?

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. ரோட்டோர இடத்துக்கு வழிகாட்டி மதிப்பு புஞ்சை மதிப்பாக இருந்தது. "ஸ்டாம்ப் செலவு மிச்சம் சார்" என்றார் புரோக்கர், நானும் தலையாட்டினேன். வழிகாட்டி மதிப்பு கிராமத்துக்கும் சர்வே எண்ணுக்கும் தனித்தனியாகப் போடப்படுவது. மெயின் ரோட்டு மனைக்கு அப்படி அடிமட்ட மதிப்பு வந்தால் காகிதம் வேறு இடத்தைச் சொல்கிறது என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பத்திரத்தில் நான்குமால், அதாவது நான்கு பக்க எல்லை, எழுதும்போது பக்கத்து நிலங்களின் சர்வே எண்ணே இல்லை. "வடக்கே வண்டிப்பாதை, தெற்கே இன்னார் புஞ்சை" என்று எந்த ஊருக்கும் பொருந்துகிற மாதிரி எழுதியிருந்தார்கள்.

நிலத்தின் வடிவத்தைக் காட்டுகிற புலப்படத்தை நான் வாங்கவே இல்லை. பட்டா, சிட்டா நகல் போதும் என்று இருந்துவிட்டேன். பிறகு எடுத்துப் பார்த்தால், 112/3 ஒரு பக்கம் கூம்பிப் போன முக்கோணம், எந்தப் பக்கமும் ரோடு தொடவில்லை. நான் பார்த்த இடமோ நீள்சதுரம், முன்பக்கம் முழுக்க ரோடு. eservices.tn.gov.in தளத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் அந்தப் புலப்படம் வரும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? "இது எந்த ஊர்?" என்று கேட்காதீர்கள். இடத்தை ஒட்டி நிலமோ வீடோ வைத்திருப்பவரிடம் அவருடைய பட்டாவைக் காட்டச் சொல்லி, அதில் கிராமம் என்ன என்று பாருங்கள். நான் அதைக் கேட்டிருந்தால் முதல் வீட்டிலேயே ஏரிப்பட்டி என்று தெரிந்திருக்கும். அடுத்து வி.ஏ.ஓ.விடம் போய்க் கிராம வரைபடத்தில் உங்கள் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ரோடு, ஓடை, ஏரி எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் நின்று பார்த்த இடத்தோடு ஒத்துப்போகிறதா என்று உங்களுக்கே தெரியும். அப்புறம் கட்டணம் கட்டி, கிரயத்துக்கு முன்னால் சர்வேயரை வைத்து விற்பவர் பெயரிலேயே அளக்கச் சொல்லுங்கள். அதற்கு அவர் இழுத்தடித்தால் அந்த இடமே வேண்டாம்.

இப்போது காலி மனையைப் பதிய இருப்பிடக் குறியோடு புகைப்படம் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் தவறான இடத்தில் நின்று எடுத்தால் தவறான இடத்தின் படம்தான் பதிவாகும்.

போலீசில் புகார் கொடுத்தபோது புரோக்கர் சொன்னது இது: "பத்திரத்தில என்ன எழுதியிருக்கோ அதைத்தான் வித்தோம். ஓடைக்கு மேற்கேன்னு எங்கயாவது எழுதியிருக்கா?" எழுதவில்லை. அதே ரோட்டில் இன்னும் நான்கைந்து காலி இடங்கள் இருக்கின்றன. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது வெளியூர் கார் ஒன்று அங்கே நின்றிருந்தது. இறங்கிப் போய் அவர்களிடம், பக்கத்து வீட்டுப் பட்டாவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.